நடுவில் நின்ற நான்கு

இணைந்த கணிதம் என்பது பாடத்தின் பெயர். எங்கள் பாடசாலையில் அதைப் படிப்பிக்கும் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு கோப்பை தேநீர்கூடக் குடித்ததில்லை. உயர்தர வகுப்புக்கு அந்தப் பாடத்தை இரண்டாகப் பிரித்துக் கொடுப்பது இங்கே எல்லாப் பாடசாலைகளிலும் உள்ள வழக்கம்தான். தூய கணிதம் எனக்கு முன்பே இங்கிருந்த சேருக்கு, பிரயோக கணிதம் எனக்கு. அவர் சமன்பாடு, சார்பு, வகையிடல் என்று போவார். நான் விசை, வேகம், கப்பி, சாய்தளம் என்று போவேன். ஒருவர் பாதியில் மற்றவர் வாய் வைக்கக்கூடாது. இதை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் நான் பதுளைக்கு மாற்றலாகி வந்த முதல் நாளே, ஆசிரியர் அறையில் கதிரையை இழுத்துப் போட்டு உட்காருவதற்கு முன்பே, அவர் இதை எனக்குச் சொல்லிவிட்டார்.

"டீச்சர், ஒங்க பாதி ஒங்களுக்கு, என் பாதி எனக்கு. பிள்ளைங்க என் பாதியில சந்தேகம் கேட்டா எங்கிட்ட அனுப்புங்க."

வரவேற்பு அவ்வளவுதான். எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. அவருக்கும் என்னைப் பிடிக்கவில்லை என்பதை மறைக்க அவர் பெரிதாகச் சிரமப்படவுமில்லை. நான் ஹாலிஎல பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவள் என்பது தெரிந்த பிறகு, மற்றவர்களிடம் என்னைப் பற்றிப் பேசும்போது 'தோட்டத்து டீச்சர்' என்று சொல்ல ஆரம்பித்தார். அவருடைய குடும்பம் டவுனில் கடை வைத்திருந்த குடும்பம். நான் அதை ஒரு பட்டமாக எடுத்துக்கொண்டு பேசாமல் இருந்தேன் என்று சொன்னால் நன்றாகத்தான் இருக்கும். இல்லை, ஒவ்வொரு தடவையும் எரிந்தது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மனிதருக்குக் கணிதம் தெரியும். வெண்கட்டியை எடுத்தால் கை தயங்காது. பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் டியூஷன் வைத்திருந்தார். பண்டாரவளையிலிருந்தெல்லாம் பிள்ளைகள் வருவார்கள். பாடசாலையில் அவர் நடத்துவது பாதி, மண்டபத்தில் நடத்துவது மீதி என்று எல்லோருக்கும் தெரியும். அதிபருக்கும் தெரியும். ஆனால் பரீட்சைப் பெறுபேறு நன்றாக வருகிறதே, யார் கேட்பது.

எங்கள் வகுப்பில் மண்டபத்துக்குப் போகாத பிள்ளை ஒருத்திதான். ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து வருபவள். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாதையில் பஸ்ஸை நம்ப முடியாது என்பது அவள் சொன்ன காரணம். மற்றக் காரணத்தை நான் கேட்கவில்லை. அவள் அதிகம் பேசமாட்டாள். பேசினாலும் முகத்தைப் பார்த்துப் பேசுவாள், அது சில ஆசிரியர்களுக்குத் திமிராகத் தெரியும். சேருக்கு அப்படித்தான் தெரிந்தது.

எங்கள் பாடசாலையில் கணிதப் பிரிவில் சேர்ந்துவிட்டால் மட்டும் போதாது. முதல் வருடத்து இரண்டாம் தவணைப் பரீட்சையில் முப்பத்தைந்துக்குக் கீழே எடுத்தால் கலைப் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். பாடசாலையின் பெறுபேற்றைக் காப்பாற்றத்தான் இந்த ஏற்பாடு. கலைப் பிரிவைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் விருப்பத்தோடு போவது வேறு, கழுத்தைப் பிடித்துத் தள்ளப்படுவது வேறு. அந்தப் பிள்ளைக்குக் கணிதத்தைத் தவிர வேறொன்றும் வேண்டாம். பொறியியலாளர் ஆக வேண்டும், விஞ்ஞானி ஆக வேண்டும் என்றெல்லாம் அவள் சொல்லி நான் கேட்டதில்லை. கணக்குச் செய்யும்போது அவள் இருக்கும் இருப்பைப் பார்த்தால் போதும்.

விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுத்த நாள், பாடசாலை விட்ட பிறகு, பஸ் நிலையத்தில் அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். நமுனுகுல மலை மழை மூட்டத்தில் தெரியவில்லை. ஸ்பிரிங்வெளி பஸ் வர இன்னும் நேரம் இருந்தது. பையிலிருந்து விடைத்தாளை எடுத்து நீட்டினாள். முப்பத்தைந்துக்கு இரண்டு குறைவு.

"இது சேரோட பகுதின்னு தெரியும், டீச்சர். நான் சந்தேகம் கேக்கல. பாருங்கன்னுதான் சொல்றேன்."

நான் பார்த்தேன். கேள்வி இதுதான்:

x⁴ − 3x³ + 4x² − 3x + 1 = 0 என்னும் சமன்பாட்டின் மெய் மூலங்களைக் காண்க.

கணிதம் பக்கம் போகாதவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் வந்த சண்டை முழுக்க இதன் மேல்தான் நடந்தது. குணகங்களை, அதாவது x களுக்கு முன்னால் நிற்கும் எண்களைப் பாருங்கள்: 1, −3, 4, −3, 1. முன்னாலிருந்து வாசித்தாலும் பின்னாலிருந்து வாசித்தாலும் ஒன்றுதான். நான்காம் படிச் சமன்பாட்டைத் தீர்ப்பது பொதுவாகப் பெரும் பாடு. ஆனால் இப்படி இரு புறமும் ஒத்திருந்தால் ஒரு வழி இருக்கிறது. x = 0 என்று வைத்தால் 1 = 0 என்று வருகிறது, அது நடக்காது. ஆகவே x பூச்சியமல்ல, x² ஆல் தைரியமாக வகுக்கலாம். வகுத்த பிறகு ஒத்த குணகங்களைச் சோடி சேர்த்தால்:

(x² + 1/x²) − 3(x + 1/x) + 4 = 0

இப்போது x + 1/x ஐ t என்று வைக்க வேண்டும். t ஐ வர்க்கித்தால் x² + 2 + 1/x² வரும். நடுவில் வருகிற அந்த இரண்டைக் கழித்தால்தான் x² + 1/x² கிடைக்கும். அதாவது t² − 2. ஆக, t² − 2 − 3t + 4 = 0, சுருக்கினால் t² − 3t + 2 = 0. நான்காம் படி இரண்டாம் படியாகிவிட்டது. t = 1 அல்லது t = 2.

t = 2 என்றால் x² − 2x + 1 = 0, x = 1, இரட்டை மூலம். t = 1 என்றால் x² − x + 1 = 0, அதன் தன்மைகாட்டி 1 − 4, பூச்சியத்தைவிடக் குறைந்த மறை எண். அங்கே மெய் மூலம் இல்லை. எனவே விடை x = 1. அந்தப் பிள்ளை இதை வரிக்கு வரி எழுதியிருந்தாள். x பூச்சியமல்ல என்ற காரணத்தைக்கூட விடவில்லை.

அவளுடைய −2 ஐச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். அதற்குக் கீழே எல்லாவற்றின் மேலும் ஒரே குறுக்குக் கோடு. ஓரத்தில் 'மெய் மூலங்கள் இல்லை' என்று அவருடைய அழகான கையெழுத்து.

எனக்கு முதலில் கோபம் வரவில்லை, ஆச்சரியம்தான் வந்தது. தாளில் x = 1 என்று வைத்துப் பார்த்தாலே போதும். ஒன்றிலிருந்து மூன்றைக் கழி, நான்கைக் கூட்டு, மூன்றைக் கழி, ஒன்றைக் கூட்டு. பூச்சியம். மூலம் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது, இல்லை என்று எழுதியிருக்கிறார்.

அடுத்த நாள் மற்ற மாணவர்களின் தாள்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. மண்டபத்துப் பிள்ளைகள் எல்லோரும் இரண்டே வரியில் முடித்திருந்தார்கள். t² − 3t + 4 = 0; தன்மைகாட்டி 9 − 16, மறை; மெய் மூலங்கள் இல்லை. முழுப் புள்ளி. x² ஆல் வகுத்ததும் இல்லை, t என்றால் என்ன என்று சொன்னதும் இல்லை. மண்டபத்தில் கொடுத்த அச்சுத் தாள் ஒன்றில் குறுக்கு வழி இருந்ததாம்: முதல் குணகம், இரண்டாம் குணகம், நடுக் குணகம், மூன்றையும் t² க்கும் t க்கும் மாறிலிக்கும் அப்படியே போடு. உண்மையான குறுக்கு வழி அதுவல்ல. நடுக் குணகத்திலிருந்து முதல் குணகத்தின் இரு மடங்கைக் கழித்துவிட்டுத்தான் போட வேண்டும். அந்த ஒரு வரி அச்சில் விழவில்லை. விழுந்ததா இல்லையா என்று யாரும் பார்க்கவும் இல்லை. அந்தத் தாளில் உதாரணமாக இருந்தது எது தெரியுமா? இதே சமன்பாடுதான். எண்ணுக்கு எண் இதேதான்.

நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் அவர் t² − 2 என்றுதான் சொல்வார். அது எனக்குத் தெரியும். பாடசாலையில் அவர் சரியாகத்தான் படிப்பித்திருக்கிறார், அந்தப் பிள்ளை அதிலிருந்துதான் படித்தாள். புள்ளித் திட்டத்தை அவசரத்தில் தன்னுடைய அச்சுத் தாளிலிருந்து எடுத்து எழுதியிருக்கிறார், அவ்வளவுதான். மூலம் 3 என்று விடை வந்திருந்தால் யாராவது ஒருவர் 3 ஐ வைத்துப் பார்த்திருப்பார். மூலமே இல்லை என்றால் எதை வைத்துப் பார்ப்பது? இப்படிப்பட்ட பிழை மாட்டிக்கொள்ளாமல் தப்பிப் போவது அதனால்தான். அந்த அளவுக்கு நான் அவரை மன்னிக்கத் தயாராக இருந்தேன். அதற்குப் பிறகு நடந்ததற்கு இல்லை.

இடைவேளையில் அவர் தனியாக இருந்த நேரம் பார்த்துத்தான் போனேன். விடைத்தாளை மேசையில் வைத்து, சேர், இதில் ஒன்று தவறிவிட்டது போலிருக்கிறது, ஒரு தடவை பாருங்கள் என்று மரியாதையாகத்தான் சொன்னேன். அவர் தாளைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார்.

"இது என் பாதி, டீச்சர்."

அந்தப் பாதியில்தான் பிழை இருக்கிறது என்றேன். தோட்டத்துப் பிள்ளை என்றதும் எனக்குப் பாசம் பொத்துக்கொண்டு வருகிறது என்றார். எந்தத் தோட்டமானாலும் ஒன்றும் மூன்றும் நான்கும் ஒரே மாதிரிதான் கூடும் என்றேன். அவர் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தார். அதற்குள் கொப்பிக் கட்டோடு பக்கத்து மேசைக்கு வந்திருந்த சங்கீத ஆசிரியை தலையைக் குனிந்துகொண்டார். என் குரல் உயர்ந்துவிட்டது, அவர் குரலும் உயர்ந்துவிட்டது. கடைசியில் அந்தப் பிள்ளையின் தாளை அவர் இரண்டு விரலால் பிடித்துத் தூக்கி என் மேசையில் போட்டார். பழைய துணியைப் பிடிப்பதுபோல் பிடித்தார். அதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை, மறக்கிற எண்ணமும் இல்லை.

நான் நேராக அதிபரிடம் போனேன். அதிபர் வரலாறு படித்தவர். நல்லவர்தான், ஆனால் யாரோடும் பகைத்துக்கொள்ள மாட்டார், அதனால் ஒருவருக்கும் பயன்பட மாட்டார். கணிதம் தனக்கு வராது என்று கையை விரித்தார். x இருக்கும் இடத்திலெல்லாம் ஒன்று என்று வைத்துக் கூட்டிப் பாருங்கள், அதற்குக் கணிதம் வேண்டாம் என்றேன். பென்சிலால் கூட்டினார். பூச்சியம் வந்தது. மறுபடி கூட்டினார். மணியடித்து, சேரைக் கூப்பிட்டு வரச் சொன்னார்.

அவர் உள்ளே வந்து அதிபரின் பென்சில் கூட்டலைப் பார்த்ததும் முகம் ஒரு கணம் மாறியது. மூச்சு விட்டு வாங்கும் நேரம்கூட ஆகவில்லை, சொன்னார்:

"அது நாலு இல்ல, சேர். ஆறு. டைப் பண்ணினவங்க நாலுன்னு போட்டுட்டாங்க."

 அவர் சொன்னது எவ்வளவு கெட்டிக்காரத்தனமான பொய் என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் விளங்கியது. நடுக் குணகம் ஆறு என்றால் t² − 2 − 3t + 6, அதாவது t² − 3t + 4. அவருடைய புள்ளித் திட்டம் அப்படியே சரியாகிவிடும். மெய் மூலமும் இல்லாமல் போய்விடும். சமன்பாட்டை மாற்றாமல் தன் தவறை மாற்ற வழியில்லை என்று கண்டு, மாற்ற வேண்டிய ஒரே எண்ணை அந்த ஒரு கணத்தில் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பிடித்திருக்கிறார். மனிதருக்குக் கணிதம் தெரியும் என்று நான் சொன்னது சும்மா இல்லை. 

மண்டபத்துத் தாளிலும் நான்குதானே இருக்கிறது என்று கேட்டேன். எந்த மண்டபம், எந்தத் தாள் என்று அதிபர் கேட்டார். சேர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பரீட்சைக் கேள்வி டியூஷனில் முன்பே வந்தது என்ற பேச்சு வெளியே போனால் பாடசாலைக்குத்தான் கேடு என்று அதிபரிடம் மெதுவாக, கவலைப்படுகிறவர் மாதிரி சொன்னார். அதிபருக்கு அதற்கு மேல் ஒன்றும் தெரிய வேண்டியிருக்கவில்லை.

முடிவு இப்படி வந்தது. கேள்வி பிழை. ஆகவே அந்தக் கேள்விக்கு எல்லோருக்கும் முழுப் புள்ளி. மண்டபத்துப் பிள்ளைகளுக்கு இருந்தது அப்படியே இருக்கும், ஸ்பிரிங்வெளிப் பிள்ளையும் முப்பத்தைந்தைத் தாண்டிவிடுவாள். யாருக்கும் நட்டமில்லை. ஆனால் பெற்றோர் கூட்டத்தில் கணித ஆசிரியர்கள் இருவரும் எழுந்து கேள்வியில் பிழை என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பாடசாலைக்குள் பிளவு என்று பேச்சு வரும். ஒருவர் சொல்லி மற்றவர் சும்மா இருந்தால் இந்த ஏற்பாடு செல்லாது, பழைய புள்ளியே நிற்கும். இந்த நிபந்தனையைப் போட்டவர் சேர்தான். பிழையே இல்லாத கேள்வியைப் பிழை என்று என் வாயால் சொல்ல வைக்க வேண்டும் அவருக்கு.

முடியாது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அன்று மாலை அதே பஸ் நிலையத்தில் அந்தப் பிள்ளையிடம் நடந்ததைச் சொன்னேன். வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுதப் போகிறேன், விடமாட்டேன், நீ பயப்படாதே என்றேன். அவள் நன்றி சொல்வாள் என்று நான் எதிர்பார்த்திருக்க வேண்டும், ஏனென்றால் அவள் சொன்னது என்னை அறைந்த மாதிரி இருந்தது.

"சேர் சொல்ற மாதிரியே சொல்லிடுங்க, டீச்சர். நீங்க சண்ட போட்டுட்டு ஒங்க பாடத்துக்குப் போயிருவீங்க. நான்தானே இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல அவரு முன்னால ஒக்காரணும்."

உன் விடை சரி, அதைப் பொய் என்று சொல்லச் சொல்கிறாயா என்று கேட்டேன். சரி என்று எனக்குத் தெரியும், அது போதும், எனக்கு மார்க் இருந்தால் போதும் என்றாள். அவள் பஸ் வந்துவிட்டது. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, என் பக்கம் திரும்பாமல் போனாள். அவள் மேலும் எனக்குக் கோபம் வந்தது என்பதை ஏன் மறைக்க வேண்டும். நான் யாருக்காகச் சண்டை போடுகிறேனோ அவளே என்னைக் கையைக் கட்டிக்கொண்டு நில் என்கிறாள். வீடு போகும்வரை அவளையும் சேர்த்தே மனதுக்குள் திட்டிக்கொண்டு போனேன். ஆனால் அவள் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. அடுத்த நாள் அதிபரிடம் போய்ச் சரி என்றேன்.

பெற்றோர் கூட்டம் ஒரு சனிக்கிழமை காலையில். மழை பிடித்துக்கொண்டதால் பாடசாலைக் கூடத்துக்குள் ஈரக் குடைகளின் வாடை. டியூஷன் மண்டபத்துப் பிள்ளைகளின் தகப்பன்மார் முன்வரிசையில். ஸ்பிரிங்வெளிப் பிள்ளையின் அம்மா பின்வரிசை ஓரத்தில், மகளுக்குப் பக்கத்தில். கொழுந்து எடுக்கிறவர், அன்றைக்குக் காலைப் பெரட்டில் வேலைக்குப் பெயர் கொடுக்காமல், கூலியை விட்டு வந்திருந்தார். கூட்டத்துக்கென்று கட்டிய சேலையின் கரையில் தோட்டத்துச் செம்மண் தெறித்திருந்தது.

சேர் முதலில் எழுந்தார். அச்சுப் பிழை, ஆறு நான்காகிவிட்டது, பிள்ளைகளுக்கு அநியாயம் நடக்கக்கூடாது என்பதற்காக எல்லோருக்கும் முழுப் புள்ளி கொடுக்கிறோம் என்று பெருந்தன்மையாகச் சொல்லி உட்கார்ந்தார். கைதட்டினார்கள். பிழை விட்டவருக்குக் கைதட்டு. பிறகு நான் எழுந்தேன். கேள்வியில் பிழை இருந்தது, சேர் சொன்னது சரி என்று சொன்னேன். இவ்வளவுதான் சொன்னேன், ஆனால் வாயில் மண் போட்ட மாதிரி இருந்தது. அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் இல்லாமல் இருந்திருந்தால் நான் உட்கார்ந்திருப்பேனோ என்னவோ.

நான் உட்காருவதற்குள் பின்வரிசையிலிருந்து அந்த அம்மா எழுந்து நின்றார். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவர் என்பது நிற்கிற விதத்திலேயே தெரிந்தது. மகள் சேலையைப் பிடித்து இழுத்தாள். அவர் கையை விலக்கினார்.

"டீச்சர், ஒன்னு கேக்கலாங்களா? அப்ப எம்புள்ள பாஸ் பண்ணினது, கேள்வி பிழைங்கிறதால சும்மா குடுத்த மார்க்குலதானுங்களா? அது போட்ட கணக்கு தப்புங்களா?"

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பெரிய சிரிப்பில்லை, மூக்கால் விடுகிற சிரிப்பு. அந்தப் பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை மெதுவாக, வேண்டாம் என்று ஆட்டினாள். எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. தெரியாமல் செய்தேன் என்று சொல்லமாட்டேன்.

"இல்லீங்க," என்றேன். "ஒங்க மக போட்ட கணக்கு சரி. கேள்வியும் சரி. இந்த வகுப்புல அத சரியாப் போட்டது ஒங்க மக மட்டுந்தான்."

அதற்குப் பிறகு நான் யாரும் சொல்லாமலே கரும்பலகைக்குப் போனேன். சமன்பாட்டை எழுதி, x² ஆல் வகுத்து, t² − 2 என்று எழுதி, அந்த −2 ஐ வெண்கட்டி உடையும் அளவுக்கு அழுத்தி எழுதினேன். x = 1 என்று வைத்துக் கூட்டிக் காட்டினேன். மண்டபத்துத் தாளில் இருந்ததும் நான்குதான், பிள்ளைகளின் பையில் இருக்கும், எடுத்துப் பாருங்கள் என்றேன். ஒரு தகப்பன் உண்மையாகவே மகனின் பையைத் திறந்து பார்த்தார். கூட்டம் இரைந்தது. ஒருவர் என்னைப் பார்த்து, எங்கள் பிள்ளைகளின் மார்க்கைப் பிடுங்க வந்தவளா நீ என்றார். இன்னொருவர் சேரைப் பார்த்து, எங்களிடம் வாங்கிக்கொண்டு பிழையானதையா படிப்பித்தீர்கள் என்றார். அதிபர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நடுவில் நின்றார். சேர் மட்டும் உட்கார்ந்த இடத்தில் அசையாமல் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கணக்கைச் சரிபார்க்கிறார் என்று நினைக்கிறேன். அதில் பிழை இருக்கவில்லை.

தாள்களை மறுபடி திருத்தினார்கள். ஸ்பிரிங்வெளிப் பிள்ளை தன் சொந்தப் புள்ளியிலேயே முப்பத்தைந்தைத் தாண்டினாள். மண்டபத்துப் பிள்ளைகளில் இருவர் கீழே போனார்கள். அவர்களுடைய வீட்டார் வந்து நின்ற நிலையைப் பார்த்து அதிபர் அந்தத் தவணைக்கு முப்பத்தைந்து என்ற எல்லையையே எடுத்துவிட்டார். ஆக, யாரும் கலைப் பிரிவுக்குப் போகவில்லை. இத்தனை கூத்துக்குப் பிறகு எல்லோரும் இருந்த இடத்தில்தான் இருந்தார்கள்.

நாங்கள் இருவரும் மட்டும் அதற்குப் பிறகு பேசவில்லை. வணக்கம்கூட இல்லை. பொது அலுமாரியின் நடுவில் அவர் ஒரு மட்டைப் பலகையைச் செருகினார், தன் பாதி எது என் பாதி எது என்று தெரிவதற்கு. நான் அதை எடுக்கவில்லை. எனக்கும் அது வசதிதான்.

அந்தப் பிள்ளையை அவர் திட்டவில்லை, அடிக்கவில்லை, குறை சொல்ல இடமே வைக்கவில்லை. வகுப்பில் அவள் இல்லாத மாதிரி நடந்துகொண்டார். அவள் கை தூக்கினால் கண் அவளைத் தாண்டிப் பின்வரிசைக்குப் போகும். அவள் கொப்பியை மேசையில் வைத்தால் திருத்தப்படாமல் அடுக்கின் அடியில் கிடந்து திரும்பி வரும். மற்றப் பிள்ளைகளும் அதைப் பார்த்து அவள் பக்கத்தில் இருப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். இதையெல்லாம் நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன், அந்த நேரத்தில் அந்த வகுப்புக்குள் போக எனக்கு உரிமை இல்லை. பின்னேரம் என்னிடம் வா, அந்தப் பாதியையும் நான் சொல்லித் தருகிறேன் என்று ஆளனுப்பிப் பார்த்தேன். அவள் வரவில்லை.

ஒரு நாள் பஸ் நிலையத்தில் நானே போய் அவள் பக்கத்தில் நின்றேன். ஏன் வரவில்லை என்று கேட்டேன். கையிலிருந்த கொப்பியை மூடினாள். அதில் என்ன எழுதியிருந்தாள் என்று ஓரக்கண்ணால் பார்த்துவிட்டேன். யாரும் திருத்தாத ஒரு நான்காம் படிச் சமன்பாடு, கடைசி வரியில் விடைகளைத் திரும்ப வைத்து அவளே சரிபார்த்திருந்தாள்.

"ஒன் அம்மா கேட்டப்போ என்னால பொய் சொல்ல முடியல," என்றேன். அவள் வழக்கம்போல முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"அம்மா எங்கிட்ட கேட்டிருந்தா நானே வீட்டுல சொல்லியிருப்பேன், டீச்சர். நம்பியிருப்பாங்க."

 ஸ்பிரிங்வெளி பஸ் வந்து நின்றது. ஒரு கால் படியில் வைத்துக்கொண்டு திரும்பினாள்.

"சேரு தலையாட்டினத நானும் பாத்தேன்," என்றாள். "இப்ப ஒங்களுக்கு மனசு ஆறிருச்சா?"

பஸ் போய்விட்டது. ஆறவில்லை.